கிளைகளைக் கூட்டினால் மொத்தத்தைவிட அதிகம் வருகிறது

இணைப்புக்கம்பி:
கிர்க்காஃப் விதிகளைச் சரிபார்க்கும் சோதனையை மாணவர்களோடு செய்தபோது கண்டதைப் பகிர்கிறேன். 3 வோல்ட் சப்ளை, தொடரில் 100 ஓம், அதை அடுத்து 220 ஓமும் 330 ஓமும் பக்க இணைப்பில். கணக்குப்படி மொத்தம் 12.93 மில்லிஆம்பியர், கிளைகளில் 7.76, 5.17.

எங்களிடம் இருந்தது ஒரே மல்டிமீட்டர். 20 மில்லிஆம்பியர் ரேஞ்சில் வைத்து, ஒவ்வோர் இடமாகக் கம்பியைக் கழற்றி அளந்தோம். மொத்தம் 12.40 காட்டியது. கிளைகளில் 7.51, 5.05. இரண்டையும் கூட்டினால் 12.56! சந்திக்குள் போவதைவிட வெளியே வருவது அதிகம். மின்னழுத்தத்தில் இந்தச் சிக்கல் இல்லை; 100 ஓம் மீது 1.29, பக்க இணைப்பின் மீது 1.71, கூட்டினால் சரியாக 3.00. இதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

தங்கவளையம்:
ரெசிஸ்டரில் தங்க வளையம் இருந்தால் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 220 ஓம் என்று எழுதியிருப்பது 209 ஆகவும் இருக்கலாம், 231 ஆகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் முதலில் ஓம் ரேஞ்சில் அளந்து, அந்த மதிப்பை வைத்துக் கணக்குப் போடுங்கள், சரியாகிவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய ரேடியோ:
அளந்து கணக்குப் போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கே கேள்வி வேறு. கணக்கோடு அளவு ஒத்துப்போகவில்லை என்றால் ரெசிஸ்டரைச் சந்தேகிக்கலாம். அளந்ததும் அளந்ததுமே ஒத்துப்போகாதபோது அதைக் காரணம் சொல்ல முடியாது. 220 இருக்கும் இடத்தில் 500 ஓம் இருந்தாலும் சந்தியில் உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகத்தான் இருக்க வேண்டும்.

மீட்டரும் ஒரு ரெசிஸ்டர்தான், அதுதான் விஷயம். இந்த மாதிரி மீட்டர்கள் பலவற்றில் ரேஞ்ச் முழுதாக ஓடும்போது மீட்டரின் மீது சுமார் 0.2 வோல்ட் விழும். 20 மில்லிஆம்பியருக்கு 0.2 வோல்ட் என்றால் உள்ளே 10 ஓம். மொத்தத்தை அளக்கும்போது சுற்று 232 ஓம் அல்ல, 242 ஓம். 3 வோல்ட்டை அதனால் வகுத்தால் 12.40. கிளையில் செருகினால் அந்தக் கிளை மட்டும் 10 ஓம் கூடும், மொத்தச் சுற்றில் பாதிப்பு குறைவு. ஆக, நீங்கள் அளந்தது மூன்று வெவ்வேறு சுற்றுகளை. ஒன்றின் மொத்தத்தை மற்ற இரண்டின் கிளைகளோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். விதி ஒரே சுற்றுக்குத்தான் பொருந்தும்.

சந்தேகம் இருந்தால் ரேஞ்சை 200 மில்லிஆம்பியருக்கு மாற்றிப் பாருங்கள். அதில் உள் தடை 1 ஓம் பக்கம்தான் இருக்கும். 12.9, 7.7, 5.2 என்று வரும். ஒரு தசம இடம் போய்விடும், ஆனால் கூட்டல் சரியாக இருக்கும். ரேஞ்ச் மாற்றினால் அளவும் மாறுகிறது என்றால் குற்றவாளி மீட்டர்தான்.

மின்மினி:
எனக்கும் இதே பிரச்சினை அண்ணா, ஆனால் வோல்ட்டில். 9 வோல்ட் பேட்டரியில் 1 மெகாஓம் இரண்டைத் தொடரில் போட்டேன். ஆளுக்கு 4.5 வர வேண்டும். ஒவ்வொன்றின் மீதும் 3 வோல்ட்தான் காட்டுகிறது. பேட்டரி மட்டும் 9 காட்டுகிறது. மீதி 3 வோல்ட் எங்கே போனது? ரேஞ்ச் மாற்றினாலும் அதே 3.

பழைய ரேடியோ:
தம்பி, உங்களுடையது இதன் மறுபக்கம். உங்கள் மீட்டரின் வோல்ட் பக்கத் தடை 1 மெகாஓமாக இருக்க வேண்டும். ரெசிஸ்டரோடு பக்க இணைப்பில் சேர்ந்ததும் அந்த இடம் அரை மெகாஓம் ஆகிவிடுகிறது. 9 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் மீது விழும். பல மீட்டர்களில் வோல்ட் பக்கம் எந்த ரேஞ்சிலும் உள் தடை மாறாது, அதனால் ரேஞ்ச் சோதனை இங்கே பயன்படாது. 1 கிலோஓம் இரண்டைப் போட்டுப் பாருங்கள், 4.5 வரும்.

இணைப்புக்கம்பி:
செய்து பார்த்தோம். 20 மில்லிஆம்பியர் ரேஞ்சிலேயே இருந்து, மீட்டர் இல்லாத மற்ற இரண்டு இடங்களிலும் 10 ஓம் ரெசிஸ்டர் செருகினோம். மீட்டர் எங்கே போனாலும் சுற்று மாறாது. மொத்தம் 12.14, கிளைகள் 7.24, 4.90. கூட்டினால் 12.14. மூன்று அளவுகளும் பழைய கணக்கைவிடக் குறைவுதான், ஆனால் 10 ஓம்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. 10 ஓம் சேர்க்காமல், ஒவ்வொரு ரெசிஸ்டர் மீதும் உள்ள வோல்ட்டை அளந்து அதன் ஓமால் வகுத்த குழுவுக்கு நேராகவே 12.9 கிடைத்தது.

தங்கவளையம்:
வகுக்கும்போது அளந்த ஓமைத்தானே போட்டீர்கள்? அங்கே நான் சொன்னது வேண்டும்.

இணைப்புக்கம்பி:
ஆமாம், அளந்த ஓம்தான். இன்னொன்று: ஒரு குழுவின் பிரெட்போர்டில் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறி இறங்குகிறது. 330 ஓமின் காலை அழுத்தினால் கொஞ்ச நேரம் நிற்கிறது, அப்புறம் மறுபடி ஆடுகிறது.

பழைய ரேடியோ:
துளையின் தொடர்பு தளர்ந்திருக்கலாம். சப்ளையையும் விட்டுவிட முடியாது. அழுத்தும்போது சப்ளை முனைகளில் இன்னொரு மீட்டரை வைத்துப் பார்த்தீர்களா?

இணைப்புக்கம்பி:
இல்லை, இன்னொரு மீட்டர் கிடைத்ததும் பார்க்கிறேன்.