புதுப்பிப்பு: மேனேஜரின் மச்சான் தர ஆய்வுத் தலைவரான விஷயம்

முன்பு நான் கேட்டது: "திருப்பூர் பனியன் கம்பெனியில், பல வருட அனுபவமுள்ள அக்காவைத் தாண்டி, ஊசி எண்கூடத் தெரியாத மேனேஜரின் மச்சானுக்குப் பதவி. என்ன செய்யலாம்?"

லேபர் கோர்ட்டுக்குப் போகச் சொன்னவருக்கு: வக்கீலிடம் கேட்டோம். தனியார் கம்பெனியில் பதவி உயர்வைக் கேட்டு வாங்குவது கடினம் என்றார். இன்னொருவர் தன் அரசு அலுவலகக் கதையைச் சொன்னார்; அங்கே சீனியாரிட்டி பட்டியல் உண்டு, இங்கே கிடையாது.

"எல்லாவற்றையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்" என்ற அண்ணன் சொன்னதுதான் உதவியது. போன வாரம் 5,000 டீ-ஷர்ட். ஏ.க்யூ.எல். 2.5 என்ற மாதிரி ஆய்வுக் கணக்கில் 200 பீஸ் பார்க்க வேண்டும், 10 பழுது வரை தேறும். அக்கா 14 கண்டார். பெரும்பாலும் தோள் தையலில் விட்டுப்போன தையல். "வண்டி நிற்குது, பாஸ் போடுங்க" என்றார் மேனேஜரின் மச்சான். அக்கா 14 என்றே எழுதினார். அதன்மேல் மச்சானே பாஸ் போட்டுக் கையெழுத்திட்டார். பையரின் ஆய்வாளர் ஃபெயில் செய்துவிட்டார்.

இப்போது மொத்தச் சரக்கும் மறுபடி செக்கிங்கில். அந்த ரிப்போர்ட் இருப்பதால் அக்கா மேல் பழி விழவில்லை. ஆனால் பதவி மச்சானிடம்தான் இருக்கிறது. லைனில் பழுது வந்தால் யாரும் அவரிடம் சொல்வதில்லை, நேரே அக்காவிடம் போகிறார்கள். அதற்கும் சேர்த்து அக்காவுக்குச் சம்பளம் யார் தருவார்கள்?