செய்து காட்டாமல் யோகா வகுப்பு எடுப்பவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கோவையில் யோகா ஆசிரியராக இருக்கிறேன். காலையும் மாலையும் ஒவ்வொரு பேட்ச்சிலும் பச்சிமோத்தானாசனம் செய்து காட்டுவேன், பெரும்பாலும் உடல் சூடாகாமலே. இப்போது தரையில் உட்காரும்போது அழுந்துமே, அந்த எலும்பருகே இடது பக்கம் வலி. குனிந்தாலும் சரி, பைக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலும் சரி, சுள்ளென்கிறது.

பின்தொடைத் தசை எலும்போடு சேரும் இடத்தில் தசைநாண் பாதிப்பு என்றார் பிசியோதெரபிஸ்ட். குனிந்து நீட்டினால் அந்தத் தசைநாண் எலும்போடு அழுந்தி வலி கூடுமாம். அதனால் நீட்டுவதைக் குறைத்து, சேதுபந்தாசனம் போன்றவற்றால் மெல்ல வலுவேற்ற வேண்டும், குணமாக மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்.

எனக்கு வகுப்புக் கணக்கில்தான் சம்பளம். லீவு போட்டால் அன்றைக்குக் காசு இல்லை. மே மாதம் வேறு பேட்ச் பாதியாகிவிடும்.

வாயால் சொல்லியே, அல்லது ஒரு மாணவரைச் செய்ய வைத்தே வகுப்பு நடத்துபவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மாணவர்கள் நிற்கிறார்களா? அப்புறம், யோகா அலையன்ஸில் பதிவான பள்ளியின் 200 மணி நேரச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியத் தேர்வும் எழுதினால் பள்ளிகளில் மாதச் சம்பள வேலைக்கு உதவுமா? எழுதியவர்கள் சொல்லுங்கள்.