புதுப்பிப்பு: அந்த ஒரு நட்சத்திர விமர்சனத்துக்குப் பதில் போட்டாச்சு

நான் கேட்டிருந்தது: “ஒரு மணி நேரம் காக்க வச்சாங்க, சாப்பாடு கெட்டுப்போனது, திருட்டுக் கும்பல்னு எங்க சின்ன உணவகத்தைப் பத்தி கூகுள்ல எழுதியிருக்காங்க. பதில் சொல்லலாமா?”

“ரிப்போர்ட் அடிங்க, தூக்கிடுவாங்க” என்றார் ஒரு தம்பி. பாதி சரி. வசை, போலி மாதிரியான விதிமீறலுக்குத்தான் அது. நமக்கு உடன்பாடில்லை என்பதற்காக எடுக்க மாட்டார்கள். இன்னொருவர் தன் டெலிவரி ஆள் தாமதித்த கதையைச் சொன்னார். இது மேசையில் சாப்பிட்டவர் விஷயம்.

உணவகம் நடத்திப் பழகிய அக்கா, முதலில் பில்லைப் பார்க்கச் சொன்னார். ஆர்டர் 8.10, பரிமாறியது 8.35. “நேரத்தை ஒரே தடவை சொல்லு. ‘மத்தவங்க நல்லாத்தானே சாப்பிட்டாங்க’ன்னு எழுதாதே, அது அவரைப் பொய்யர்னு சொல்றது. நாளைக்கு வரப்போறவங்க படிக்கிறதுக்குத்தான் பதில்.”

போட்டது இதுதான்:

“வணக்கம். அன்றைய அனுபவம் உங்களுக்கு ஏமாற்றமளித்ததற்கு வருந்துகிறோம். எங்கள் பதிவில் ஆர்டர் 8.10, பரிமாறியது 8.35. பசியோடு இருப்பவருக்கு அதுவும் நீண்ட நேரம்தான். எந்த உணவு சரியில்லை என்று கடை எண்ணில் சொன்னால், அன்று சமைத்தவரிடமே விசாரிக்கிறோம். – உரிமையாளர்”

‘திருட்டு’ என்ற சொல்லுக்கு வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. அதைத் திருப்பி எழுதினால் நம் பதிலிலும் அந்தச் சொல் நிற்கும். எங்கள் பையன்களை அப்படிச் சொன்னது இன்னும் வலிக்கிறது.

பிறகு அவரே அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். நட்சத்திரம் ஒன்றேதான். அழைக்கவும் இல்லை, சாப்பாட்டில் என்ன குறை என்று இன்னும் தெரியவில்லை.