புதுப்பிப்பு: மாறுமின் சுற்றில் கூடுதலாக வந்த வோல்ட்

"25 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மூலத்துடன் தொடராக இணைத்த 24 ஓம் மின்தடையில் 12 வோல்ட், 127 மில்லிஹென்றி கம்பிச்சுருளில் 20.2 வோல்ட், கூட்டினால் 32 வருவது ஏன்?"

உதவிய அனைவருக்கும் நன்றி. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காணச் சொன்ன நண்பரின் வழி 23.5 வோல்ட் தந்தது. அது சுருளுக்கு மின்தடையே இல்லாதபோதுதான் பொருந்தும். மின்தேக்கி சேர்க்கச் சொன்னவர் தம் மோட்டாரின் திறன் காரணியைப் பற்றிப் பேசினார். இங்கு அது தேவைப்படவில்லை.

சுருளை மட்டும் மல்டிமீட்டரில் அளக்கச் சொன்ன ஆசிரியரின் யோசனையே பலித்தது: அதற்கே 6 ஓம் மின்தடை இருந்தது. ஆகவே சுருளின் மின்எதிர்ப்பு 6 + j40, மொத்தம் 30 + j40, அதன் அளவு 50 ஓம், மின்னோட்டம் 0.5 ஆம்பியர். மின்னோட்டத்தின் திசையை அடிப்படையாகக் கொண்டு கட்டவெக்டர்களைக் கூட்டினால், 12 உடன் 3 + j20 சேர்ந்து 15 + j20 ஆகிறது. அதன் அளவு 25 வோல்ட்.

எதிர்பாராதது ஒன்று: சுருளுக்குள் இரும்பு உள்ளகத்தை நுழைத்தபின், j உடன் வரும் பகுதி மட்டுமன்றி 6 ஓம் பகுதியும் உயர்ந்ததுபோல் தெரிகிறது. உள்ளகத்தில் ஏற்படும் ஆற்றல் இழப்பே காரணம் என்கிறார் ஆசிரியர். அதை இன்னும் தனியே அளந்து பார்க்கவில்லை.