சாம்பிளிங் இருந்தும் பனோரமா படத்தில் மட்டும் `OutOfMemoryError`: உங்களுக்கு நடந்ததுண்டா?

கதிரவன்

நான் பராமரிக்கும் ஆண்ட்ராய்டு செயலியில் களப் பணியாளர்கள் படம் எடுத்து சர்வருக்கு அனுப்புவார்கள். பெரிய படத்தை அப்படியே மெமரியில் விரிப்பதில்லை. முதலில் `inJustDecodeBounds` வைத்து நீள அகலத்தை மட்டும் படிக்கிறோம். அதிலிருந்து `inSampleSize` கணக்கிட்டுப் படத்தைச் சிறிதாக டிகோட் செய்து, 80 தரத்தில் ஜேபெக்காகச் சுருக்கி அப்லோடு செய்கிறோம்.

சாதாரணப் படங்கள் சிக்கலின்றிப் போகின்றன. 12000 × 2000 அளவில் ஒரு பனோரமா வந்தால் மட்டும் பழைய போன்களில் செயலி விழுகிறது. கோப்பின் அளவு 6 எம்பிதான். கணக்கிடும் வரி இது:

```kotlin
var s = 1
while (h / 2 / s >= 1600 && w / 2 / s >= 1600) s *= 2
```

`s` மதிப்பை லாக்கில் பார்த்தேன். 1 என்று வருகிறது. அதாவது சாம்பிளிங் நடக்கவே இல்லை. உயரம் 2000, அதில் பாதி 1000. 1600-ஐ விடக் குறைவு என்பதால் லூப் முதல் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. இதே கணக்கு பல இடங்களில் புழங்குவதால் மற்றவர்களுக்கும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எப்படிச் சமாளித்தீர்கள்?

முகிலன்

6 எம்பி கோப்பு என்றால் தரத்தை 80-லிருந்து 40-க்கு இறக்கிப் பாருங்கள். எங்கள் செயலியில் அப்லோடு பாதியில் நின்றுகொண்டே இருந்தது. தரத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

யாழினி

முகிலன், உங்களுடையது நெட்வொர்க் பிரச்சினை, அதற்கு அந்த வழி சரி. இங்கே செயலி விழுவது அதற்கு முந்தைய கட்டத்தில். சுருக்கும் வரிக்கு வரும் முன்பே மெமரி தீர்ந்துவிடுகிறது. டிகோட் ஆன படத்துக்குக் கோப்பின் அளவு ஒரு பொருட்டே இல்லை. 12000 × 2000 என்றால் 2.4 கோடி பிக்சல். `ARGB_8888`-இல் ஒவ்வொன்றுக்கும் 4 பைட். ஆக 96 எம்பி. கோப்பு 6 எம்பியாக இருந்தாலும் 2 எம்பியாக இருந்தாலும் அதே 96 தான்.

கதிரவன், நீங்கள் காட்டிய லூப் தவறானதல்ல, வேறு வேலைக்கானது. திரையில் ஒரு சட்டத்தை முழுதாக நிரப்ப வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் சட்டத்தைவிடச் சிறியதாகக் கூடாது. அதற்குத்தான் அந்த `&&`. அப்லோடுக்கு நமக்கு வேண்டியது நேர் எதிரானது: படம் முழுவதும் ஒரு எல்லைக்குள் அடங்க வேண்டும். அப்போது நீளமான பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

```kotlin
var s = 1
while (maxOf(w, h) / (s * 2) >= 1600) s *= 2
```

உங்கள் பனோரமாவுக்கு இது 4 தரும். 3000 × 500 ஆக டிகோட் ஆகும், 6 எம்பி. சாதாரணப் படங்களில் சிக்கல் இல்லை என்கிறீர்கள், ஆனால் 8000 × 6000 படத்தை எடுத்துப் பாருங்கள். பழைய லூப் 2 தரும்; 4000 × 3000, 48 எம்பி. புதியது 4 தரும்; 2000 × 1500, 12 எம்பி. தப்பித்துக்கொண்டிருந்த படங்களும் நான்கு மடங்கு இடம் பிடித்திருக்கின்றன.

`inSampleSize` 2-இன் அடுக்காகத்தான் வேலை செய்யும். 5 கொடுத்தாலும் 4 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் 3000-லிருந்து சரியாக 1600-க்குக் கொண்டுவர இன்னொரு சுருக்கம் தேவை. அதை `Matrix` வைத்துச் செய்யுங்கள். `compress` எக்ஸிஃப் தகவலை எழுதாது என்பதால் படத்தை நாமே நிமிர்த்தியாக வேண்டும். அளவு மாற்றத்தையும் சுழற்சியையும் ஒரே `Matrix`-இல் போட்டால் நடுவில் கூடுதலாக ஒரு பிட்மேப் உருவாகாது. முழு அளவில் சுழற்றிவிட்டுப் பிறகு சிறிதாக்கும் கோடை நிறையப் பார்த்திருக்கிறேன். அது கையில் உள்ள பெரிய படத்துக்கு இன்னொரு பிரதி எடுப்பதுதான்.

இளமாறன்

ஆண்ட்ராய்டு 8-லிருந்து பிக்சல்கள் ஜாவா ஹீப்பில் இல்லை, நேட்டிவ் மெமரிக்குப் போய்விட்டன. புதிய போன்களை மட்டும் ஆதரித்தால் இந்தக் கவலையே வேண்டாம். பழையதற்கு `largeHeap` போட்டுவிடலாம். எங்களுக்கு அப்புறம் ஒரு கிராஷ் அறிக்கைகூட வரவில்லை.

யாழினி

முதல் பாதி சரி, இளமாறன். முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. அறிக்கை வரவில்லை என்பதால் செயலி விழவில்லை என்று ஆகாது. நேட்டிவ் மெமரி நிறைந்து போனில் இடம் தீர்ந்தால் சிஸ்டமே செயலியைக் கொன்றுவிடும். எக்ஸப்ஷன் இருக்காது, ஸ்டாக் டிரேஸ் இருக்காது. பயனர் பார்வையில் செயலி சட்டென்று மூடிக்கொண்டது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு 11-லிருந்து `getHistoricalProcessExitReasons` உண்டு. அதில் `REASON_LOW_MEMORY` வருகிறதா என்று உங்கள் செயலியில் ஒருமுறை பாருங்கள்.

இளமாறன்

அதை நாங்கள் பதிவு செய்யவில்லை. சேர்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தேன்மொழி

என் பிரச்சினை கொஞ்சம் வேறு, ஆனால் கணக்கு இதுதான். பயனர்கள் நீளமான ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறார்கள், 1080 × 20000 மாதிரி. யாழினி சொன்ன விதியைப் போட்டுப் பார்த்தேன். `s` 8 வந்தது, 135 × 2500. கடைசியில் அகலம் 86 பிக்சல். மெமரி தாராளமாக மிஞ்சியது, ஆனால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. இவை பிஎன்ஜி கோப்புகள். பிஎன்ஜியாகவே வைத்துத் தரத்தை 50 கொடுத்தாலும் அளவு குறையவே இல்லை.

யாழினி

பிஎன்ஜிக்கு `compress` அந்தத் தர எண்ணைக் கண்டுகொள்ளாது. 50, 100 எல்லாம் ஒன்றுதான். எழுத்து கெடுவதற்கும் ஒரு பங்கு பிஎன்ஜியால் வருகிறது. ஜேபெக்கைப் பாதி, கால் என்று குறைத்து விரிக்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து வரும். பிஎன்ஜியில் இடையிடையே உள்ளவை அப்படியே விடப்படுகின்றன. மெல்லிய கோடுகள் அதில் அறுந்துபோகும்.

இந்த வடிவத்துக்குப் பக்க அளவை விட்டுவிட்டு மொத்தப் பிக்சலுக்கு எல்லை வைப்பது நல்லது. 60 லட்சம் என்று வைத்தால் உங்கள் படம் `s` = 2-இல் நிற்கும். 540 × 10000, சுமார் 22 எம்பி. எழுத்து பெரியதாக இருந்தால் படிக்கலாம். சிறியதாக இருந்தால் `BitmapRegionDecoder` வைத்து 1080 × 2000 துண்டுகளாக எடுங்கள். ஒவ்வொன்றும் 9 எம்பிக்குள், ஒன்றை முடித்து அனுப்பிய பிறகு அடுத்தது.

தேன்மொழி

துண்டாக அனுப்பினால் சர்வர் அவற்றை ஒரே பதிவாக ஏற்க வேண்டுமே. அந்தப் பக்கம் வேறு குழுவிடம் இருக்கிறது. ஒரு பதிவுக்கு ஒரு படம்தான் என்கிறார்கள்.

கதிரவன்

நீளப் பக்க விதியைப் போட்டுப் பழைய போனில் சோதித்தேன். பனோரமா போகிறது. இடையில் ஒரு தடங்கல்: அளவு படித்த அதே ஸ்ட்ரீமை டிகோடுக்கும் கொடுத்தபோது `null` வந்தது. `openInputStream`-ஐ இரண்டாம் முறை தனியாகத் திறந்ததும் சரியானது.

ஆனால் 1600 × 267 படத்தைப் பார்த்த பரிசோதகர்கள், பலகைகளில் உள்ள எண்கள் தெரியவில்லை என்கிறார்கள். தேன்மொழிக்குச் சொன்ன பிக்சல் எல்லையையே எல்லாப் படங்களுக்கும் 40 லட்சமாக வைத்து, இரண்டாவது சுருக்கத்தை விட்டுவிட்டால் பனோரமா 3000 × 500 ஆகவும், 8000 × 6000 படம் 2000 × 1500 ஆகவும் போகும். டிகோட் ஆன படத்துக்கு 16 எம்பிக்கு மேல் ஆகாது. அப்லோடு கோப்புகள் கொஞ்சம் பெரிதாகும். சிக்னல் மோசமான இடங்களில் அது எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

முகிலன்

அந்த இடத்தில் தரத்தை 80-லிருந்து இறக்கலாமா?

யாழினி

எண்களைப் படிக்க வேண்டிய படம் என்பதால் 75-க்குக் கீழே போக நான் தயங்குவேன். எழுத்தின் ஓரங்கள்தான் முதலில் கலங்கும். கதிரவன், ஒரு பலகைப் படத்தை 80, 75, 70 மூன்றிலும் சுருக்கிப் பரிசோதகர்களிடமே காட்டிவிடுங்கள்.