விபத்து அறிக்கைகளை மாத அட்டவணையாக்க உதவி தேவை

வணக்கம். எங்கள் கிடங்கில் வரும் விபத்து அறிக்கைகளை மாதாமாதம் ஒரே அட்டவணையாகச் சுருக்குகிறேன். வரிசையில் காரணம், பத்தியில் மாதம். எக்செல்லில் பிவட் டேபிள் போட்டால் எண்ணிக்கை வந்துவிடுகிறது.

சிக்கல் காரணத்தில்தான். ஒரே வாசலில் மூன்று பேர் வழுக்கினால் ஒரு அறிக்கை ‘ஈரத் தரை’ என்கிறது, இன்னொன்று ‘மழைத் தண்ணீர்’, மூன்றாவது ‘கவனக்குறைவு’. அட்டவணையில் மூன்று தனி வரிகள்; திரும்பத் திரும்ப நடப்பது கண்ணிலேயே படாது. அதனால் எழுதியவர் சொன்னதை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்துப் பத்தியில் டிராப் டவுனிலிருந்து வகையைத் தேர்ந்தெடுக்கிறேன். இடத்துக்கும் தனிப் பத்தி உண்டு. ‘கவனக்குறைவு’ என் பட்டியலிலேயே கிடையாது. அதை வைத்து எதைச் சரிசெய்வது?

இப்போது மாட்டிக்கொண்டது இங்கே: கூரை ஒழுகித் தரை நனைந்திருந்தது, விளக்கும் எரியவில்லை, ஒருவர் விழுந்தார். இரண்டு காரணத்தையும் இரண்டு வரியாகப் போட்டால் மாத மொத்தம் கூடிவிடுகிறது. ஒன்றை மட்டும் போட்டால் விளக்கு மறைந்துபோகிறது. சம்பவ எண்ணை வைத்து மொத்தத்தைத் தனியாக எண்ணலாமா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

அப்புறம், ஓவர்டைம் அதிகமான மாதத்தில் எண்ணிக்கை தானாகவே ஏறும். மொத்த வேலை நேரத்தால் வகுத்துக் காட்டுகிறவர்கள் யாராவது உண்டா?