புதுப்பிப்பு: சுய மதிப்பீட்டுப் படிவத்தை ஒருவழியாக எழுதிவிட்டேன்

முன்பு கேட்டது: "படிவத்தில் என் சாதனை என்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எல்லாம் டீம் செய்தது போலவே தோன்றுகிறது. என்ன செய்ய?"

"பழைய மெயிலைத் தோண்டு" என்ற அக்காவுக்கு முதல் நன்றி. மாதக் கணக்கு முடிந்ததும் மேனேஜருக்கு நான் அனுப்பும் மெயில்களின் தேதியை மட்டும் எடுத்தேன். ஏப்ரலில் 9ஆம் தேதி, டிசம்பரில் 5ஆம் தேதி, அதாவது 4 நாள் முன்னதாக. என் நினைவில் அது "கொஞ்சம் சீக்கிரம்", அவ்வளவுதான்.

"எல்லாத்துக்கும் நம்பர் போடுங்க" என்ற தம்பி பாதி சரி. ஜூலையில் புது மென்பொருளும் வந்ததே, 4 நாளையும் என் கணக்கில் எழுத முடியுமா? அதனால் ஸ்டோர்ஸ் அண்ணனிடம் போனேன். "நான் நல்லா செய்தேனா" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "பில் விஷயத்தில் என்ன மாறியது?" என்று கேட்டேன்.

"25ஆம் தேதியே வராத பில் லிஸ்ட்டை அனுப்பிடறியே, கடைசி நாள் ஓட்டம் நின்னுபோச்சு" என்றார்.

அது மென்பொருள் செய்ததல்ல. அதையே எழுதினேன்.

வேலை மாறுகிறேன் என்று நினைத்து ரெஸ்யூமே மாதிரி அனுப்பியவருக்கும் நன்றி, நான் எங்கேயும் போகவில்லை!

4 நாளில் என் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பிடிபடவில்லை. "மென்பொருளும் சேர்ந்து" என்று போட்டிருக்கிறேன். மேனேஜர் என்ன சொல்வாரோ.